கலங்கலான கையெழுத்துக் கணக்கு: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் முறை

பத்தாம் வகுப்பு மாணவர் ஒருவர் ஓர் இரவு வாட்ஸ்அப்பில் ஒரு கணக்கைப் படமெடுத்து அனுப்பியிருந்தார். x² + 10x என்பதும் 24 = 0 என்பதும் தெளிவாகத் தெரிந்தன; இரண்டுக்கும் இடையில் மை இழுபட்டு ஒரு கறை மட்டும் இருந்தது. நான் அதைக் கூட்டல் குறி என்று எடுத்துக்கொண்டு, (x + 4)(x + 6) = 0 என்று காரணிப்படுத்தி, மூலங்கள் −4, −6 என அனுப்பிவிட்டேன். மறுநாள் காலையில், "சார், புத்தகத்தில் விடை 2, −12 என்று போட்டிருக்கிறதே" என்று அவர் கேட்டார். என் கணக்கில் ஒரு வரிகூடத் தவறில்லை. கறையைக் கூட்டல் குறியாகப் படித்தேன் என்ற ஒரே ஒரு வரியை விடையின் மேலே எழுதாமல் விட்டதுதான் தவறு. எழுதியிருந்தால் அந்த மாணவர் அன்றிரவே, "அது கழித்தல், சார்" என்று சொல்லியிருப்பார்.

மாணவர்கள் அனுப்பும் கையெழுத்துப் படங்களைப் பார்த்து விடை எழுதும் ஆசிரியர்களுக்கும், தம்பி தங்கைக்குக் கணக்குச் சொல்லித்தரும் அண்ணன் அக்காக்களுக்கும் பயன்படும்படி, எந்த அறிகுறி தெரிந்தால் எதைச் சந்தேகிக்க வேண்டும், எதை எழுதிவைத்துவிட்டுத் தீர்க்கத் தொடங்க வேண்டும் என்பதைக் கீழே சொல்கிறேன்.

முதலில்: கலங்கல் தாளிலா, படத்திலா?

எண்ணைப் பார்ப்பதற்கு முன் தாளில் அச்சடித்த கோடுகளைப் பாருங்கள். கோடு போட்ட நோட்டாக இருந்தால் கிடைக்கோடுகளும், இடப்பக்கத்தில் மேலிருந்து கீழாகச் செல்லும் ஓரக்கோடும் இருக்கும். இவை யாவும் கூர்மையாகத் தெரிந்து எண்கள் மட்டும் கலங்கியிருந்தால், கோளாறு மையில் இருக்கிறது. மறுபடியும் படமெடுக்கச் சொல்வதில் பெரிய பயன் இராது. கோடுகளும் சேர்ந்து கலங்கியிருந்தால் கோளாறு படமெடுத்ததில் இருக்கிறது. வேறு படம் கேட்டால் பெரும்பாலும் சிக்கல் அங்கேயே தீர்ந்துவிடும்.

கை அசைந்து எடுத்த படத்தில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. கைப்பேசி மேலும் கீழுமாக அசைந்திருந்தால், படுக்கையான கோடுகள் யாவும் விரிந்து வெளிறிவிடும். செங்குத்துக் கோடுகளோ தம் நீளத்தின் வழியாகவே இழுபடுவதால் கருமை குறையாமல் நிற்கும். அப்போது கழித்தல் குறி காணாமலே போகலாம்; கூட்டல் குறியின் படுக்கைக் கோடு மறைந்து, அது 1 போலத் தோன்றலாம். பக்கவாட்டில் அசைந்திருந்தால் இதற்கு நேர்மாறாக, கூட்டல் குறியின் நிமிர்ந்த கோடு வெளிறி, அது கழித்தல் குறியாகத் தெரியும். எந்தப் பக்கம் அசைந்தது என்பதை ஓரக்கோடே சொல்லிவிடும்: ஓரக்கோடு கூர்மையாக இருந்து கிடைக்கோடுகள் இரட்டையாகத் தெரிந்தால், அசைவு மேலும் கீழுமானது, அந்தப் படத்தில் குறிகளையும் பின்னக்கோடுகளையும் நம்பக் கூடாது. எல்லாத் திசையிலும் ஒரே அளவாகக் கலங்கியிருந்தால், படம் குவியம் தவறியது; அதில் 0, 6, 8, 9 ஆகியவற்றின் உள்வட்டங்கள் அடைபட்டு ஒன்றுபோல் ஆகிவிடும், தசமப் புள்ளிகள் கரைந்துவிடும்.

வேறு படம் கேட்கும்போது, அதை வாட்ஸ்அப்பில் புகைப்படமாக அனுப்பாமல் ஆவணமாக இணைத்து அனுப்பச் சொல்லுங்கள். வழக்கமான முறையில் அனுப்பினால் செயலி படத்தைச் சுருக்கிவிடும். ஆவணமாக அனுப்பினால் எடுத்த படம் அப்படியே வந்து சேரும்.

கோளாறு மையில் இருக்கும்போதும் கறையின் போக்கைப் பார்த்தால் சிறிது பிடி கிடைக்கும். இடக்கையால் எழுதுபவரின் கை, அப்போதுதான் எழுதிய எழுத்தின் மேலேயே நகர்ந்து செல்வதால், மை இடமிருந்து வலமாக இழுபடும்; ஆகவே கறையின் இடது விளிம்பில்தான் மூலக்கோட்டைத் தேட வேண்டும்.

அறிகுறி: கூட்டலா கழித்தலா என்று தெரியவில்லை

இந்த இடத்தில் பலரும் கையாளும் உத்தி, இரண்டு விதமாகவும் போட்டுப் பார்த்து, எது அழகாகக் காரணிப்படுகிறதோ அதையே வினா என்று முடிவுசெய்வது. பாடநூல் கணக்குகள் முழு எண் விடை வரும்படி அமைக்கப்படுவது வழக்கம் என்பதால் இந்த உத்தி பல நேரம் பலிக்கும். ஆனால் என்னை ஏமாற்றிய கணக்கில் அது பலிக்க வழியே இல்லை. x² + 10x + 24 என்பது (x + 4)(x + 6) ஆகும். x² + 10x − 24 என்பது (x + 12)(x − 2) ஆகும். இரண்டும் ஒரே அளவுக்கு அழகாகவே காரணிப்படுகின்றன.

இது தற்செயல் அன்று. பக்கங்கள் 6, 8, 10 கொண்ட செங்கோண முக்கோணத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: கர்ணம் 10, பரப்பு 24. x-இன் கெழுவாகக் கர்ணத்தையும் மாறிலியாகப் பரப்பையும் வைத்தால், மாறிலியின் முன் எந்தக் குறி இருந்தாலும் கோவை காரணிப்படும். காரணம் எளியது. செங்கோணத்தை அடக்கிய பக்கங்கள் a, b என்றும் கர்ணம் c என்றும் வைத்தால், பரப்பு ab/2. எனவே தன்மைக்காட்டி c² ∓ 2ab ஆகிறது; c² = a² + b² என்பதால் அது (a − b)² அல்லது (a + b)² ஆகிவிடுகிறது. இரண்டுமே முழு வர்க்கங்கள். 3, 4, 5 முக்கோணத்திலிருந்து x² + 5x ± 6 கிடைக்கிறது. 5, 12, 13 முக்கோணத்திலிருந்து x² + 13x ± 30 கிடைக்கிறது. இவை பயிற்சித் தாள்களில் அடிக்கடி தலைகாட்டும் எண்கள். 5-உம் 6-உம் சேர்ந்து வந்து குறி மட்டும் கலங்கியிருந்தால், விடையின் அழகை வைத்து எதையும் முடிவுசெய்யாதீர்கள்.

அப்படியானால் வேறு எதை வைத்து முடிவுசெய்வது? வினாவின் சொற்பகுதியை வைத்துத்தான். அந்த மாணவரிடம் முழுப் பக்கத்தையும் அனுப்பச் சொன்னபோது, சமன்பாட்டுக்கு மேலே, "ஒரு செவ்வகத்தின் நீளம் அதன் அகலத்தை விட 10 மீ அதிகம், பரப்பு 24 ச.மீ எனில் அகலம் காண்க" என்று இருந்தது. முதல் நாள் அவர் சமன்பாட்டு வரியை மட்டும் வெட்டி அனுப்பியிருந்தார். அகலம் x எனில் x(x + 10) = 24; 24-ஐ இடப்பக்கம் கொண்டுவந்தால் அது கழித்தலாகத்தான் வரும். கூட்டல் என்று கொண்டால் கிடைக்கும் −4, −6 இரண்டும் அகலமாக இருக்க முடியாதவை. ஆகவே அகலம் 2 மீ, நீளம் 12 மீ. மாணவர் வெட்டியெடுத்து அனுப்பும் வரிக்கு மேலும் கீழும் இருக்கும் இரண்டு வரிகளைக் கேட்டு வாங்குவதை அன்றிலிருந்து வழக்கமாக்கிக்கொண்டேன்.

சொற்பகுதி இல்லாமல் வெறும் சமன்பாடாகவே இருந்திருந்தால், நான் எழுதியிருக்க வேண்டியது இதுதான்:

"24-க்கு முன்னுள்ள குறி மை இழுபட்டுத் தெரியவில்லை. அதைக் கழித்தல் எனக் கொண்டு தீர்த்திருக்கிறேன்: x = 2 அல்லது −12. அது கூட்டல் எனில் x = −4 அல்லது −6. நோட்டைப் பார்த்து எது சரி என்று சொல்லவும்."

இதில் நான்கு செய்திகள் அடங்கியிருக்கின்றன: எந்த இடம் தெளிவில்லை, அதை எப்படிப் படித்தேன், மற்றப்படி இருந்தால் விடை எப்படி மாறும், யார் சரிபார்க்க வேண்டும். இது விடைக்கு மேலே இருக்க வேண்டும். கீழே எழுதினால் மாணவர் விடையை நோட்டில் எழுதிக்கொண்டு அந்த வரியைப் படிக்காமலே போய்விடுவார்.

புத்தகத்தின் பின்னால் உள்ள விடையை மாணவர் சேர்த்தே அனுப்பியிருந்தால், வேலை இன்னும் எளிது. மூலங்கள் 2, −12 எனில் அவற்றின் பெருக்கற்பலன் −24. எனவே மாறிலி −24. கூடுதல் −10, எனவே x-இன் கெழு +10. ஆனால் இப்படி விடையிலிருந்து வினாவைக் கண்டுபிடித்தோம் என்பதையும் வெளிப்படையாக எழுத வேண்டும். அச்சிட்ட விடையே தவறாக இருந்தால், இல்லாத ஒரு வினாவை உருவாக்கி அதற்குச் சரியான விடை போட்டவர்கள் ஆகிவிடுவோம்.

அறிகுறி: 1-ஆ 7-ஆ என்று தெரியவில்லை

நம் பள்ளிகளில் 7-ன் நடுவே குறுக்குக்கோடு போடும் பழக்கம் பொதுவாக இல்லை. 1-ன் தலையில் சிறு கொக்கி போடுபவர் அந்தக் கொக்கியைச் சற்று நீட்டினால் அது 7; 7 எழுதுபவர் மேற்கோட்டைச் சுருக்கினால் அது 1. ஆகவே பொதுவாக 7 எப்படி இருக்கும் என்று யோசிப்பதில் பயனில்லை. இந்தக் கை 7-ஐ எப்படி எழுதும் என்று பார்க்க வேண்டும். அதற்கான மாதிரி அதே பக்கத்திலேயே கிடைக்கும். வினா எண்கள் வரிசையாக வருபவை. 6-க்கும் 8-க்கும் இடையில் இருப்பது 7 என்பதில் ஐயமில்லை. பக்கத்தின் தலையில் எழுதிய தேதியும் அப்படிப்பட்டதே. இந்த உறுதியான 7-ஐயும் உறுதியான 1-ஐயும் கலங்கிய எண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பெரும்பாலும் ஐயம் அங்கேயே தீரும்.

தீராவிட்டால் எழுதும் மரபைத் துணைக்கு அழைக்கலாம். 2x² − ?x + 3 = 0 என்பதில் கலங்கிய எண் 1 ஆக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு, ஏனெனில் கெழு 1 எனில் யாரும் அதை எழுதுவதில்லை; −x என்றுதான் எழுதுவார்கள். ஆகவே அது 7. மூலங்கள் 3, 1/2. ஆனால் கலங்கிய எண் மாறிலியாக இருந்தால் இந்த மரபு உதவாது. x² − 8x + ? = 0 என்பதில் 7 எனக் கொண்டால் மூலங்கள் 1, 7; 1 எனக் கொண்டால் 4 ± √15. முதலாவது அழகாக இருக்கிறது என்பதற்காக அதைத் தேர்ந்தெடுக்காமல், பயிற்சியின் தலைப்பைக் கேளுங்கள். "காரணிப்படுத்தல் முறையில் தீர்க்க" என்றிருந்தால் அது 7-ஆகத்தான் இருக்க வேண்டும். "சூத்திர முறையில் தீர்க்க" என்றிருந்தால் இரண்டுக்கும் இடமுண்டு. சூத்திரத்தைக் கற்பிக்கும் பயிற்சிகளில் காரணிப்படாத சமன்பாடுகளை வேண்டுமென்றே வைப்பார்கள்.

அறிகுறி: வர்க்கமூலக் குறியின் மேற்கோடு எதுவரை போகிறது என்று தெரியவில்லை

எல்லா அறிகுறிகளிலும் இதுவே மிகவும் ஏமாற்றுவது, ஏனெனில் இங்கே எந்த எண்ணும் கலங்கியிருக்காது. எல்லாவற்றையும் தெளிவாகப் படித்துவிட்டோம் என்ற நிறைவோடு தீர்க்கத் தொடங்கிவிடுவோம். வேகமாக எழுதும் மாணவர் மேற்கோட்டை x-க்கு மேல் தொடங்கி, கூட்டல் குறியின் பாதிவரை இழுத்து நிறுத்திவிடுவார்.

√(x + 6) = x எனப் படித்தால், இருபுறமும் வர்க்கப்படுத்த x² − x − 6 = 0; மூலங்கள் 3, −2. வர்க்கமூலம் எதிர்மமாகாது என்பதால் −2-ஐ விலக்க, x = 3. கோடு x-உடன் நின்றுவிட்டது என்று கொண்டு √x + 6 = x எனப் படித்தால், √x = t என வைக்க t² − t − 6 = 0; t = 3; ஆகவே x = 9. இரண்டையும் மூலச் சமன்பாட்டில் இட்டுச் சரிபார்த்தாலும் இரண்டும் பொருந்துகின்றன: √9 = 3; 3 + 6 = 9. இடையில் வரும் இருபடிக் கோவைகூட இரண்டிலும் ஒன்றேதான். ஆகவே சரிபார்த்தல் இந்தப் பிழையைக் காட்டிக்கொடுக்காது. நாம் படித்த வினாவுக்கு நம் விடை பொருந்துகிறதா என்று மட்டுமே சரிபார்த்தல் சொல்லும். நாம் படித்ததுதான் வினாவா என்பது அதற்குத் தெரியாது.

இங்கே அனுமானத்தைச் சொல்லால் எழுதுவதை விட அடைப்புக்குறியால் எழுதுவது நல்லது. "வினாவை √(x + 6) = x எனக் கொள்கிறேன்" என்று அடைப்புக்குறியுடன் முதல் வரியில் எழுதிவிட்டால், மாணவர் ஒரே பார்வையில் தன் நோட்டோடு ஒப்பிட்டுக்கொள்வார். அடுக்குகளுக்கும் இதே முறைதான்: 2-ன் மேல் x + 1 முழுவதும் ஏறியிருக்கிறதா, x மட்டும் ஏறியிருக்கிறதா என்ற ஐயம் வந்தால், 2^(x + 1) என்றோ 2^x + 1 என்றோ விரித்து எழுதிவிட்டுத் தொடங்குங்கள்.

அறிகுறி: தசமப் புள்ளியா, மைப் பொட்டா?

மெல்லிய தாளில் பின்பக்க எழுத்து முன்பக்கம் தெரிவதால்தான் இந்தச் சிக்கல் மிகுதியும் வருகிறது. பின்பக்கத்திலிருந்து ஊடுருவித் தெரிவது இடவலம் மாறி, மங்கலாக இருக்கும். பொட்டுக்கு அருகில் அப்படி மாறித் தெரியும் எழுத்தின் துண்டு ஏதேனும் இருக்கிறதா என்று பாருங்கள். படம் மறுபடி எடுக்க முடியுமானால், அந்தத் தாளுக்கு அடியில் ஒரு கறுப்புத் தாளை வைத்து எடுக்கச் சொல்லுங்கள். பின்பக்க எழுத்து பெருமளவு மறைந்துவிடும்.

மறுபடி எடுக்க வழியில்லை எனில், பொருளின் அளவே துணை. உருளை வடிவ வீட்டுத் தண்ணீர்த் தொட்டி ஒன்றின் விட்டம் 1.4 மீ அல்லது 14 மீ, உயரம் 2 மீ என்று வைத்துக்கொள்வோம். 22/7 பயன்படுத்தினால் இரண்டிலும் கணக்கு மீதியில்லாமல் வெட்டுப்படும்: 1.4 மீ எனில் கனஅளவு 3.08 கன மீட்டர், அதாவது 3,080 லிட்டர். 14 மீ எனில் 308 கன மீட்டர், அதாவது 3,08,000 லிட்டர். புள்ளி ஓர் இடம் நகர்ந்ததற்கு விடை நூறு மடங்கு மாறுகிறது, ஏனெனில் ஆரம் வர்க்கமாகிறது. பதினான்கு மீட்டர் அகலத் தொட்டியை எந்த வீட்டு மாடியிலும் ஏற்ற முடியாது என்பதால் இங்கே 1.4 எனக் கொள்ளலாம். வினாவில் 'வீட்டு' என்ற சொல் இல்லாமல் வெறும் 'தொட்டி' என்று மட்டும் இருந்தால் இந்த உறுதி போய்விடும்; ஊர்ப் பொதுத் தொட்டி அந்த அளவுக்கு இருக்கக்கூடும். அப்போது இரண்டு விடைகளையும் தர வேண்டியதுதான்.

கலங்கல் விடையைத் தொடுகிறதா?

ஐயமுள்ள ஒவ்வோர் இடத்துக்கும் இவ்வளவு பாடுபட வேண்டியதில்லை. 3x² − 9x + ? = 0 என்ற சமன்பாட்டின் மூலங்களின் கூடுதல் மட்டும் கேட்கப்பட்டிருந்தால், மாறிலி 4-ஆ 9-ஆ என்று கண்ணைக் கசக்க வேண்டாம்; கூடுதல் −b/a, அதாவது 3. "மாறிலி தெளிவாக இல்லை, ஆனால் கேட்ட விடைக்கு அது தேவைப்படவில்லை" என்று எழுதிவிட்டு மேலே செல்லலாம். பெருக்கற்பலன் கேட்கப்பட்டிருந்தால் நிலைமை வேறு. அங்கே அந்த ஓர் எண்தான் விடையையே தீர்மானிக்கிறது.

மறுமுனையில், ஒரே வரியில் மூன்று இடங்கள் கலங்கியிருந்து, ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாசிப்புகள் இருந்தால், மொத்தம் எட்டு வினாக்கள் ஆகிவிடும். எட்டையும் தீர்த்து அனுப்புவது மாணவரைக் குழப்பும். ஒன்றை மட்டும் தேர்ந்து தீர்ப்பது சூதாட்டம். ஒன்று அல்லது இரண்டு இடங்கள் வரை அனுமானம் எழுதித் தீர்ப்பது, அதற்கு மேல் போனால் தீர்க்காமல் கேட்பது என்பது நான் வைத்திருக்கும் எல்லை. கேட்கும்போதும், "படம் தெளிவாக இல்லை" என்று மட்டும் சொன்னால் அதே படத்தைத்தான் மறுபடி அனுப்புவார்கள். எந்த இடம் என்று சுட்ட வேண்டும்: "இரண்டாவது வரியில், சமக்குறிக்கு இடப்பக்கம் இருக்கும் கடைசி எண் 4-ஆ 9-ஆ?"

சிலர் குரல்பதிவாகச் சொல்லிவிடுகிறேன் என்பார்கள். கலங்கியது ஓர் எண்ணோ குறியோ மட்டுமெனில் அதுவே போதும். வேர்க்குறி, அடுக்கு, பின்னம் ஆகியவற்றில் ஐயம் எனில் குரல் உதவாது: "இரண்டு எக்ஸ் கூட்டல் மூன்றின் வர்க்கம்" என்பது (2x + 3)² ஆகவும் இருக்கலாம், 2x + 3² ஆகவும் இருக்கலாம். அந்த ஒரு வரியை மட்டும் புதுத் தாளில் இரட்டிப்பு அளவில், அடைப்புக்குறிகள் போட்டு எழுதி, மை உலர்ந்த பிறகு படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.